சித்திரைக்கு முன்னால் எடுத்துவிடலாமா?

பங்குனி பாதியைத் தாண்டியதும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் நிறைமாதப் பெண் இருந்தால் ஒரு பேச்சு எழும். "சித்திரை பொறக்கறதுக்கு முன்னால எடுத்துடலாங்களா டாக்டரம்மா?" சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பழைய பயம் அது. பக்கத்து மலையாள வீட்டில் அதே நாளையொட்டி விஷுக்கனி வைத்துக் கொண்டாடுவார்கள். இந்த வீட்டிலோ ஏப்ரல் 14-க்குள் ஒரு நல்ல நேரம் குறித்து வாங்கிவர ஜோசியரிடம் ஆள் போயிருக்கும்.

கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குத் தேவை ஒரு கணக்கு. மருத்துவக் காரணம் உள்ள சிசேரியன் எது, காரணம் இல்லாமல் நாமே கேட்டு வாங்குவது எது, இரண்டாவதை எப்படி எடைபோடுவது என்ற கணக்கு. அதை ஒரு பெண்ணை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

அவளுக்கு வயது 26, முதல் பிரசவம். கடைசி மாதவிலக்கு ஜூலை 24-ல் தொடங்கியது. அப்படியானால் பிரசவத் தேதி ஏப்ரல் 30. குழந்தையின் தலை கீழே இருக்கிறது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் சரி, நஞ்சு மேலே ஒட்டியிருக்கிறது, ஸ்கேன் சொல்லும் எடை 3 கிலோவுக்குப் பக்கம். மருத்துவமாகப் பார்த்தால் சிசேரியனுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் வீட்டில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. மாமியாருக்குச் சித்திரை. கணவன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறான், மே முதல் வாரம் திரும்ப வேண்டும். அவளுக்கோ பயம். அக்காவுக்கு ஒரு பகல் ஓர் இரவு முழுக்க வலி வந்து, கடைசியில் "வாய் திறக்கலை" என்று அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். "அந்த ரெண்டும் எனக்கு வேண்டாம், நேரா ஆபரேஷனே பண்ணிடுங்க" என்கிறாள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் ஏப்ரல் 11.

முதலில் அந்தத் தேதியைப் பார்ப்போம். ஏப்ரல் 30-ல் 40 வாரம் முடிகிறது என்றால் ஏப்ரல் 23-ல் 39 வாரம் முடியும், 9-ல் 37 வாரம் முடியும். ஏப்ரல் 11 என்பது 37 வாரமும் 2 நாளும். "ஒன்பது மாசம் ஆச்சு, 37 வாரம் முடிஞ்சா முழுப்பிள்ளைதானே" என்று வீட்டில் சொல்வார்கள். பெயருக்கு முழுப்பிள்ளைதான், நுரையீரலுக்கு அப்படியில்லை. வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான் நிரம்பியிருக்கும். அந்த நீரை உறிஞ்சி வெளியேற்றும் வேலை கடைசி வாரங்களில்தான் சூடுபிடிக்கிறது. பிரசவ வலி தொடங்கியதும் குழந்தையின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் அதை முடித்து வைக்கின்றன. வலியே வராமல், அதுவும் 37-ம் வாரத்தில் எடுத்தால், நீர் மிச்சத்தோடு குழந்தை வெளியே வருகிறது.

2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து காட்டியது. முன்பே சிசேரியன் ஆகி, மறுபடியும் திட்டமிட்டுச் சிசேரியன் செய்துகொண்ட 13,000-க்கும் மேற்பட்ட பெண்களின் குழந்தைகளைப் பார்த்தார்கள். மூச்சுக்கோளாறு, சர்க்கரை இறங்குவது, கிருமித்தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது என எல்லாத் தொல்லைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, 37-ம் வாரத்தில் எடுத்த குழந்தைகளில் 100-க்கு 15, 38-ல் 11, 39-ல் 8. மருத்துவ அவசரம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடிவதற்கு முன் செய்யக்கூடாது என்று பல நாட்டு வழிகாட்டு நெறிகள் சொல்வது இதனால்தான்.

இந்தத் தொல்லை வீட்டாருக்கு எப்படித் தெரியும்? குழந்தை பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விடும். மூக்கின் ஓரம் விரிந்து விரிந்து மூடும். விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழும். மூச்சை வெளியே விடும்போது முனகல் சத்தம் கேட்கும். பெரும்பாலும் ஆக்ஸிஜன் வைத்து ஒன்றிலிருந்து மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்த மூன்று நாள் எங்கே கழிகிறது என்பதுதான் எல்லையோர ஊர்களில் பிரச்சினை. சின்ன நர்சிங் ஹோமில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்காது. குழந்தை ஆம்புலன்ஸில் கோவைக்கோ பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ போகும். தாய் தையலோடு இங்கே கிடப்பாள். முதல் மணி நேரத்துச் சீம்பால் தவறிப்போகும்.

இதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன கணக்கு முழுக்க மாதவிலக்குத் தேதியை நம்பிப் போட்டது. அவளுக்கு 28 நாளுக்கு ஒருமுறை அல்லாமல் 38, 40 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்தரித்ததே பத்து நாள் தள்ளி இருக்கும். மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் பிரசவத் தேதி மே 10 என்று சொல்லியிருக்கும். அப்போது ஏப்ரல் 11 என்பது 37 வாரம் அல்ல, 35 வாரமும் 6 நாளும். அது குறைப்பிரசவம். ஃபைலைத் திறந்து முதல் ஸ்கேனின் தேதியையும் மாதவிலக்குத் தேதியையும் ஒப்பிடுவது இரண்டு நிமிட வேலை. 9 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஸ்கேன் தேதியைத்தான் பிடிக்க வேண்டும். ஒன்பதாம் மாத ஸ்கேனில் வரும் புதுத் தேதியை வைத்துப் பிரசவ நாளை மாற்றக்கூடாது. அந்த மாதத்தில் ஸ்கேன் காட்டுவது குழந்தையின் பருமனைத்தான், வயதை அல்ல.

"ஸ்டீராய்டு ஊசி போட்டா நுரையீரல் முத்திடுமே" என்பார்கள். ஓரளவு உண்மை. 39 வாரத்துக்கு முன் எடுத்தே தீரவேண்டிய மருத்துவக் காரணம் இருந்தால் அந்த ஊசி உதவும். ஆனால் பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது. ஜோசியர் குறித்த நாளுக்கு ஈடுகட்ட அந்த ஊசியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் மருத்துவக் காரணத்துக்காகச் சிசேரியன் தேவைப்படுகிறவர்கள் யார்? தெளிவான காரணம் என்றால் முதலில் வருவது நஞ்சு கீழே இருப்பது. நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் வாய் திறக்கத் திறக்க நஞ்சு பிய்ந்து ரத்தம் கொட்டும். குழந்தைக்கு வெளியே வர வழியும் இல்லை. இங்கே சிசேரியன் தவிர வேறு பேச்சே கிடையாது. வலி வரும்வரை காத்திருக்கவும் முடியாது என்பதால் 36 முதல் 37 வாரத்திலேயே எடுக்கிறார்கள். ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அப்போதே சிசேரியன் என்று முடிவு செய்ய வேண்டாம். கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலானவர்களுக்கு நஞ்சு மேலே போய்விடும். 32-ம் வாரத்திலும் 36-ம் வாரத்திலும் மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். நஞ்சின் ஓரம் வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிட்டால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். விலகாதவர்கள் வலியில்லாமல் ரத்தம் பட்டால்கூட உடனே கிளம்ப வேண்டும். ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், பக்கத்து கிளினிக்குக்கு அல்ல.

அடுத்தது குழந்தை தலை திரும்பாமல் இருப்பது. குறுக்கே கிடந்தால் சிசேரியன்தான். பிட்டம் கீழே இருந்தால் கொஞ்சம் பேச இடமிருக்கிறது. 2000-ல் 26 நாடுகளில் 2,088 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறப்பதும் கடுமையாகப் பாதிக்கப்படுவதும் 100-க்கு 1.6 என்றும், இயல்பான பிரசவத்துக்கு முயன்றவர்களிடம் 5 என்றும் வந்தது. அதன்பின் உலகம் முழுக்க இதற்குச் சிசேரியன் வழக்கமாகிவிட்டது. அதே குழந்தைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "வெளியிலிருந்தே திருப்பிப் பார்க்க முடியுமா டாக்டர்?" முதல் பிரசவத்துக்கு 36-ம் வாரத்திலும் அடுத்தடுத்த பிரசவத்துக்கு 37-ம் வாரத்திலும் கர்ப்பப்பையைத் தளர்த்த ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே, வயிற்றின் மேல் கை வைத்துக் குழந்தையைக் குட்டிக்கரணம் போடவைப்பார்கள். சுமார் பாதிப் பேருக்குப் பலிக்கும். 200-ல் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம் என்பதால் ஆபரேஷன் தியேட்டர் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். எல்லா டாக்டரும் செய்வதில்லை. செய்யாதவர், செய்கிறவரிடம் அனுப்பலாம்.

முன்பு இரண்டு சிசேரியன் ஆனவர்கள், கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டிய தழும்பு உள்ளவர்கள், முதல் குழந்தை தலை கீழாக இல்லாத இரட்டைக் குழந்தைகள், கடைசி மாதங்களில் முதன்முறையாகப் பிறப்புறுப்பில் ஹெர்பீஸ் புண் வந்தவர்கள், எச்.ஐ.வி. அளவு கட்டுக்குள் வராதவர்கள், சர்க்கரை நோயோடு குழந்தை எடை நாலரைக் கிலோவுக்கு மேல் மதிப்பிடப்பட்டவர்கள். இவர்களுக்கும் திட்டமிட்ட சிசேரியன் நியாயமான வழி.

இனி காரணம்போல் சொல்லப்பட்டு, தனியாகப் பார்த்தால் காரணமாகாதவை. "கழுத்துல கொடி சுத்தியிருக்கு": ஏறக்குறைய நாலைந்தில் ஒரு குழந்தை கொடி சுற்றியபடிதான் பிறக்கிறது, தலை வெளியே வந்ததும் செவிலியர் விரலால் எடுத்துவிடுவார். "தலை இறங்கலை": முதல் பிரசவத்தில்கூட வலி வந்தபிறகுதான் பலருக்கு இறங்குகிறது. "பொண்ணு குட்டை, இடுப்பு சின்னது": குழந்தைக்கு இடுப்பு போதுமா என்பது நல்ல வலி வந்து பார்த்தால்தான் தெரியும், உயரத்தைப் பார்த்தோ ஸ்கேன் பார்த்தோ முன்கூட்டிச் சொல்ல முடியாது. கண்ணாடி பவர் அதிகம் என்பதும் காரணம் அல்ல. ஸ்கேன் சொல்லும் எடை உண்மை எடையிலிருந்து பத்து சதவீதம் முன்னே பின்னே போவது சாதாரணம். எனவே "மூணரைக் கிலோ, பெரிய பிள்ளை" என்பதும் நிற்காது. இவற்றில் ஒன்றைச் சொல்லி 37-ம் வாரத்தில் தேதி கொடுத்தால் இரண்டாவது டாக்டரிடம் ஃபைலைக் காட்டுவதில் தவறில்லை.

நம் பெண்ணுக்கு வருவோம். அவளிடம் இந்தக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. இங்கிலாந்தின் மருத்துவத் தர அமைப்பான நைஸின் வழிகாட்டுநெறி, எல்லாவற்றையும் விளக்கிய பிறகும் ஒரு பெண் சிசேரியனையே விரும்பினால் அதற்கு ஒத்துழைக்கச் சொல்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம், 39 வாரத்துக்கு முன் வேண்டாம், பல குழந்தைகள் பெற நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சிசேரியனின் உண்மையான விலை பெரும்பாலும் முதல் தடவையில் தெரியாது. தழும்பு உள்ள கர்ப்பப்பையில் அடுத்த கரு வரும்போது, நஞ்சு அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டி, தசைக்குள் வேர்விட்டுவிடலாம். பிரசவத்தில் அது பிரிந்து வராது. பிய்த்தால் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். பலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். 30,000 பெண்களை வைத்து 2006-ல் வெளியான ஆய்வில், நஞ்சு கீழே இருந்த பெண்களில் இப்படி வேர்விட்டிருந்தது முதல் சிசேரியனில் 100-க்கு 3, இரண்டாவது சிசேரியனில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. நஞ்சு கீழே இருப்பதே 200 பெண்களில் சுமார் ஒருவருக்குத்தான். ஆகவே இரண்டு குழந்தையோடு நிறுத்துகிறவளுக்கு இந்த ஆபத்து வருவது அரிது. மூன்று, நான்கு என்று எண்ணம் உள்ளவளுக்கு அது வேறு கதை. எனவே அவளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை பிள்ளை?" என்பது. அதை மாமியார் முன்னிலையில் கேட்கக்கூடாது. தனியாகக் கேட்டால்தான் பதில் உண்மையாக வரும்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திட்டமிட்ட சிசேரியனில் பிறப்புறுப்பும் ஆசனவாய்த் தசையும் கிழிவதில்லை. இருமினால் சிறுநீர் கசிவது, பின்னாளில் கர்ப்பப்பை இறங்குவது ஆகியவை குறைவு. பகலில், பழகிய டாக்டரும் மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் தயாராக இருக்கும்போது நடக்கிறது. நடுராத்திரியில் ஓடிப்போய்ச் செய்யும் சிசேரியனைவிட இது பாதுகாப்பானது. அவள் அக்காவுக்கு நடந்ததைத் தவிர்க்க நினைப்பது அர்த்தமில்லாத பயம் அல்ல.

ஆகவே அவள் எடைபோட வேண்டியது சிசேரியனையும் சுகப்பிரசவத்தையும் அல்ல. ஒரு தட்டில் திட்டமிட்ட சிசேரியன். இன்னொரு தட்டில் சுகப்பிரசவத்துக்கு முயல்வது. முயற்சி சுகப்பிரசவத்திலும் முடியலாம், ஆயுதம் போட்டு எடுப்பதிலும் முடியலாம், அவசர சிசேரியனிலும் முடியலாம். எதில் முடியும் என்பது அவள் உடம்பை மட்டும் பொறுத்ததல்ல, எந்தக் கட்டிடத்துக்குள் போகிறாள் என்பதையும் பொறுத்தது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சிசேரியன் தமிழ்நாட்டில் 63.8 சதவீதம், கேரளத்தில் 39.9. அரசு மருத்துவமனைகளில் இரண்டு மாநிலமும் ஏறக்குறைய ஒன்றுதான், 36-37. அதாவது கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி தாய்வீட்டுப் பக்கம் பொள்ளாச்சிக்குப் போவதா, மாமியார் வீட்டுப் பக்கம் பாலக்காட்டில் பார்ப்பதா என்ற முடிவும் இந்தக் கணக்கில் சேர்கிறது. இந்த எண்கள் மாநில சராசரிதான். குறிப்பிட்ட மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்வி இது: "முதல் பிரசவம், தலை கீழே, தானா வலி வந்து வர்றவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேருக்கு இங்க சிசேரியன் ஆகுது?" பதில் சொல்லக்கூடிய இடம் கணக்கு வைத்திருக்கிற இடம்.

இப்போது பயத்தைப் பிரித்துப் பார்ப்போம். அக்காவுக்கு ஒரு பகல் ஓர் இரவு வலி என்றால், எந்த நிலையில் அட்மிட் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும்வரை நடப்பது ஆரம்பக் கட்டம்தான். முதல் பிரசவத்தில் அது பல மணி நேரம் மெதுவாகவே போகும். 2 சென்டிமீட்டரில் அட்மிட் செய்து, படுக்கவைத்து, டிரிப்ஸ் போட்டு, எட்டு மணி நேரம் கழித்து "வாய் திறக்கலை" என்றால் அது அவசரப்பட்ட முடிவாக இருந்திருக்கலாம். அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணமும் சென்டிமீட்டரும் எழுதியிருக்கும். அதைப் படித்துக் காட்டினாலே தங்கையின் பயம் பாதி வடிவம் மாறும்.

வலியே பயம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது. எபிடியூரல் என்பது முதுகில் மெல்லிய குழாய் வைத்து மணிக்கணக்கில் வலியை அடக்குவது. ஆனால் அதற்கு மயக்க டாக்டர் கூடவே இருக்க வேண்டும். கூப்பிட்டால் வரும் மயக்க டாக்டரை நம்பி நடக்கும் சின்ன இடங்களில் சிசேரியனுக்கு அவர் கிடைப்பார், எபிடியூரலுக்குக் கிடைக்கமாட்டார். "எபிடியூரல் இருக்கா, ராத்திரியிலும் இருக்கா?" என்று எட்டாம் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். அம்மாவோ அக்காவோ பிரசவ அறைக்குள் கூட இருக்கலாமா என்றும் கேட்க வேண்டும். தனியாகக் கிடப்பதுதான் பல பெண்களின் உண்மையான பயம். நாலாம் மாதத்திலிருந்தே தூக்கம் கெட்டு, பிரசவம் என்ற பேச்செடுத்தாலே நடுங்குகிறவளுக்கு அது வெறும் பயமில்லை. அவளுக்கு மனநல ஆலோசனை வேண்டும், அதற்குப் பிறகும் அவள் சிசேரியன் கேட்டால் அதை மறுக்கக்கூடாது.

கணவனின் லீவுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. 39-ம் வாரத்தில் மருந்து வைத்து வலி வரவைப்பது. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 6,106 முதல் பிரசவப் பெண்களில், 39-ம் வாரத்தில் வலி வரவைத்தவர்களுக்குச் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2. வலி வரவைத்தால் சிசேரியன் கூடும் என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு எதிரான முடிவு. ஆனால் அங்கே பொறுமையாக இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. பனிக்குடம் உடைத்து ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் போட்டபின் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் பலிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். காலையில் மாத்திரை வைத்து சாயங்காலம் தியேட்டருக்குக் கொண்டுபோகும் இடத்தில் இந்த வழி உதவாது.

இத்தனைக்கும் பிறகு அவள் சிசேரியன்தான் என்றால், ஏப்ரல் 23-க்குப் பிறகு, கணவன் விமானம் ஏறுமுன் ஒரு நாள். சித்திரையிலும் நல்ல நேரம் உண்டு. ஜோசியரிடம் "23-லிருந்து 30-க்குள் ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் அவரும் பார்த்துத்தான் கொடுப்பார். அந்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் டாக்டரிடம் பேசி ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். வலி நன்றாகப் பிடித்து வாய் 8 சென்டிமீட்டர் திறந்து வந்து நிற்கிறவளுக்கு ஆபரேஷன்தான் வேண்டுமா என்று அந்த நேரத்தில் முடிவெடுப்பது கடினம்.

ஏற்பாடு இப்படிப் போகும். 34-ம் வாரத்திலேயே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். அப்போது 8 அல்லது 9 இருந்தால் ரத்தநாளத்தில் இரும்புச்சத்து ஏற்றித் தேற்ற நேரம் இருக்கிறது, முந்தின நாள் பார்த்தால் இல்லை. சிசேரியனில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் போவது வழக்கம். முந்தின இரவு வழக்கம்போல் சாப்பிடலாம். ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பு சோறு, இட்லி, பால் எல்லாம் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு போகக்கூடாது, அந்தக் கீறல்கள் வழியாகத்தான் தையலில் கிருமி ஏறும். தேவையென்றால் அங்கே கிளிப்பரால் வெட்டுவார்கள்.

தியேட்டரில் உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொல்லி ஊசி போடுவார்கள். சில நிமிடத்தில் கால்கள் சூடாகி, கனமாகி, அசையாமல் போகும். ஐஸ் அல்லது ஸ்பிரிட் பஞ்சை நெஞ்சுவரை வைத்துப் பார்த்து, குளிர்ச்சி தெரியவில்லை என்றால்தான் கத்தி வைப்பார்கள். இந்த நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கிக் குமட்டல் வரும். உடனே மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஒரு ஊசியில் சரியாகும். கத்தி வைக்கும் முன் ஆன்டிபயாடிக் போயிருக்க வேண்டும். அடிவயிற்று மடிப்பில் குறுக்கே வெட்டி, ஐந்து பத்து நிமிடத்தில் குழந்தையை எடுத்துவிடுவார்கள். அப்போது வலி இருக்காது, ஆனால் யாரோ வயிற்றை அழுத்தி இழுப்பது நன்றாகவே தெரியும். பல்லடித்துக் குளிர் நடுக்கமும் வரும். இது தெரியாமல் போகிறவர்கள் மயக்கம் பிடிக்கவில்லை என்று அலறுகிறார்கள். மிச்ச முக்கால் மணி நேரம் தையலுக்குப் போகிறது. குழந்தை நன்றாக அழுதால் அங்கேயே மார்பில் போட்டுப் பால் கொடுக்கலாம். கேட்டால் செய்வார்கள்.

வீடு திரும்பியபின் நம் பக்கத்து வழக்கங்களில் இரண்டை மாற்றியே ஆக வேண்டும். "தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று தாகத்தோடு படுக்கவைப்பது ஒன்று. சிசேரியனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல், படுத்தே கிடப்பதும் தண்ணீர் குறைவதும் அதை வளர்க்கும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை. இன்னொன்று கேரளப் பக்கத்து எண்ணெய்க் குளியலும் வேதுவெந்நீரும். கை காலுக்கு எண்ணெய் தேய்க்கலாம். தையல் ஆறும்வரை வயிற்றில் அழுத்தித் தேய்ப்பதும் மூலிகை வெந்நீரை ஓங்கி அடிப்பதும் கூடாது. காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், நாற்றம், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது ஆகியவற்றுக்கு வைத்தியம் வீட்டில் கிடையாது.

கடைசியாக ஃபைல். தாய்வீடு ஒரு மாநிலம், கணவன் வீடு இன்னொரு மாநிலம் என்பதால் இங்கே பிரசவம் ஓரிடத்தில், அடுத்த கர்ப்பம் வேறிடத்தில் என்று ஆகிறது. பொள்ளாச்சியிலோ கோவையிலோ பிரசவம் என்றால் தமிழ்நாடு அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள், குறுக்கா நெடுக்கா, வெட்டு நீண்டு கிழிந்ததா, ஏன் சிசேரியன் செய்தார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போகுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் இருப்பவளுக்கு அடுத்த தடவை சுகப்பிரசவம் முயன்றால் நூற்றில் எழுபதுக்கு மேல் பலிக்கிறது, தழும்பு விட்டுப்போவது 200-ல் ஒருவருக்கு. அந்த ஒரு வரி ஃபைலில் இல்லாவிட்டால் எந்த டாக்டரும் முயலத் துணியமாட்டார். அடுத்த கரு தங்கியதும் ஆறு ஏழு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு தழும்பில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவதாக இருந்தாலும் அந்த ஸ்கேன் இல்லாமல் போடக்கூடாது. தழும்பில் ஒட்டிய கருவுக்கு மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காமல் போகலாம்.